புளூ டிக் தருகிறேன் என்று வருகிறவர் யார்?

இன்ஸ்டாகிராமில் ஓர் அம்பேத்கரியப் பக்கத்தையோ பெரியாரியப் பக்கத்தையோ நடத்தும் தோழர்களுக்கு இரண்டு விதமான செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று மிரட்டுகிறது: உங்கள் பதிவு காப்புரிமையை மீறிவிட்டது, 24 மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் கணக்கு நீக்கப்படும். இன்னொன்று பாராட்டுகிறது: உங்கள் பக்கம் எங்கள் கவனத்துக்கு வந்தது, புளூ டிக் பெறத் தகுதி பெற்றுவிட்டீர்கள், கீழே உள்ள படிவத்தை நிரப்புங்கள். மிரட்டலும் பாராட்டும் வேறு வேறு போலத் தெரிந்தாலும், இரண்டிலும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அங்கே நம்முடைய பாஸ்வேர்டைக் கேட்பார்கள்.

"இதெல்லாம் மோசடி, எதையும் கண்டுகொள்ளாதே" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த அறிவுரை நமக்கு உதவாது. காரணம், நமக்கு உண்மையான நோட்டீசும் வருகிறது. சாதியப் படுகொலையைக் கண்டித்து எழுதினால் கூட்டமாகச் சேர்ந்து ரிப்போர்ட் அடிக்கிறார்கள், பதிவு போய்விடுகிறது. ஊர்வல வீடியோவில் பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு கேட்டால் ஒலி அணைந்துவிடுகிறது. உண்மையான நோட்டீசை மோசடி என்று நினைத்து ஒதுக்கினால் மறுப்புச் சொல்லும் வாய்ப்பை இழக்கிறோம். மோசடியை உண்மை என்று நம்பினால் பக்கத்தையே இழக்கிறோம். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

பக்கத்தை இழப்பது என்றால் ஐயாயிரம் ஃபாலோயர்களை இழப்பது மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் பக்கங்களின் இன்பாக்ஸை நினைத்துப் பாருங்கள். சாதி மறுத்துக் காதலிக்கும் பெண் எழுதியிருப்பாள். விடுதியில் நடந்த அவமானத்தைப் பெயர் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு மாணவன் எழுதியிருப்பான். வீட்டு முகவரி, போன் நம்பர், ஓடிவந்து தங்கியிருக்கும் ஊர் எல்லாம் அதில் இருக்கும். 2016இல் உடுமலை சங்கரையும் 2025இல் கவினையும் பறிகொடுத்த மாநிலத்தில், அந்த இன்பாக்ஸ் முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போவது எத்தகைய ஆபத்து என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கணக்கைத் திருடுகிறவருக்குச் சாதி நோக்கம் எதுவும் இல்லாமல் இருக்கலாம், அவருக்குப் பணம் போதும். ஆனால் அவர் கையிலிருந்து அது யார் கைக்குப் போகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

முதலில் பாராட்டிக்கொண்டு வருகிறவரைப் பார்ப்போம்.

புளூ டிக் மீது நமக்கு ஓர் ஆசை இருப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2019 நவம்பரில் பத்திரிகையாளரும் பேராசிரியருமான திலீப் மண்டலின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, இந்தியாவில் யாருக்கு நீலக் குறி கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்ற கேள்வியைத் தலித், பகுஜன் தோழர்கள் உரக்க எழுப்பினார்கள். பெரிய ஊடகங்களில் இருக்கும் ஆதிக்கச் சாதியினருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கப்படும் குறி, பல்லாயிரம் பேர் வாசிக்கும் நம் எழுத்தாளர்களுக்கு ஏன் எட்டவில்லை என்று கேட்டார்கள். இந்தியாவில் உள்ள எல்லா நீலக் குறிகளையும் ரத்து செய் என்று சொல்லும் `#CancelAllBlueTicksInIndia` என்ற ஹேஷ்டேக் அப்போது டிரெண்டானது. நிறுவனம் தன்னிடம் பாகுபாடு இல்லை என்றது. மண்டலின் கணக்கு திரும்பியது, அதில் நீலக் குறியும் சேர்ந்து வந்தது. கேட்டது ஒரு தனிமனிதருக்கான குறியை அல்ல என்பதால் விவாதம் அதோடு முடியவில்லை.

அந்தக் குறியை யாருக்குத் தருவது என்று மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ முடிவு செய்த காலம் அது. "உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்ற வாசகத்துக்கு அப்போது ஒரு பொருள் இருந்தது. மோசடிக்காரர்கள் இன்றும் அந்தப் பழைய கதவைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள்.

2022இல் நடந்த ஒரு மோசடியை மின்னஞ்சல் பாதுகாப்பு நிறுவனமான வேட் வெளிக்கொண்டுவந்தது. ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயிருக்கின்றன. தலைப்பு `ig bluebadge info`. அனுப்பியவர் பெயர் `ig-badges`. உங்கள் பக்கத்தைப் பரிசீலித்தோம், நீலக் குறிக்குத் தகுதியானது என்று முடிவு செய்தோம் என்று கடிதம் சொல்லும். பெறுகிறவரின் இன்ஸ்டாகிராம் பெயர் சரியாக அதில் இருக்கும். அதைப் பார்த்ததுமே பாதி நம்பிக்கை வந்துவிடும். ஆனால் அந்தப் பெயர் எல்லோரும் பார்க்கும்படி வெளியில் கிடப்பதுதான், அதை எடுத்து ஒட்ட எந்த அதிகாரமும் வேண்டாம். கண்டுகொள்ளாவிட்டால் 48 மணி நேரத்தில் படிவம் நிரந்தரமாக அழிந்துவிடும் என்று கடிதம் முடியும்.

பொத்தானை அழுத்தினால் `teamcorrectionbadges` என்ற பெயரில் அமைந்த ஒரு தளம் திறக்கும். அங்கே மூன்று படிகள். முதல் படியில் கணக்கின் பெயர் மட்டும். இரண்டாவதில் பெயர், மின்னஞ்சல், போன் நம்பர். மூன்றாவதில்தான் பாஸ்வேர்டு. கொடுத்து முடித்ததும் சரிபார்த்ததற்கு நன்றி, சராசரியாக 48 மணி நேரத்தில் எங்கள் குழு தொடர்புகொள்ளும் என்று ஒரு வரி வரும். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதல் இரண்டு படிகளிலும் கேட்பது யாரும் தயங்காமல் கொடுக்கும் விவரங்கள். இரண்டு பக்கம் நிரப்பியவருக்கு மூன்றாவதில் நின்று யோசிக்கத் தோன்றாது. கடைசி வரி அதைவிடத் தந்திரமானது. 48 மணி நேரம் பொறுமையாகக் காத்திருப்பவர், தன் கணக்கு ஏற்கெனவே கைமாறிவிட்டதைத் தேடிப் பார்க்க மாட்டார்.

இப்போது நிலைமை என்ன? ட்விட்டர் 2022 இறுதியில் நீலக் குறியை மாதச் சந்தாவுக்கு விற்கத் தொடங்கியது. மெட்டாவும் அதே வழியில் போய், 2023 ஜூனில் மெட்டா வெரிஃபைடு திட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு செல்போன் செயலியில் மாதம் 699 ரூபாய். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அரசு அடையாள அட்டையில் உள்ள பெயரும் படமும் கணக்கில் உள்ள பெயரோடும் படத்தோடும் ஒத்துப்போக வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருக்க வேண்டும். விண்ணப்பிப்பது செயலிக்குள்ளே, `Accounts Centre` பகுதியில் நாமே போய்ச் செய்வது. வணிகங்களுக்கான தனிச் சந்தா பிறகு வந்தது.

இதிலிருந்து ஒரு முடிவுக்குத் தயங்காமல் வரலாம். காசு கொடுத்து நாமாகப் போய் வாங்கும் பொருளை யாரும் நம்மைத் தேர்ந்தெடுத்துத் தருவதில்லை. செயலி தன் சந்தாவை விளம்பரப்படுத்தும், வாங்கச் சொல்லி உள்ளேயே அறிவிப்புக் காட்டும். அது கடைக்காரர் கூவி விற்பது போல. ஆனால் "உங்கள் பணியைப் பாராட்டித் தருகிறோம், இந்தப் படிவத்தில் பாஸ்வேர்டைப் போடுங்கள்" என்று டிஎம்மிலோ மின்னஞ்சலிலோ வந்தால் அது மோசடி. இதில் ஆராய எதுவும் இல்லை, மூடிவிட்டு நகரலாம்.

மிரட்டிக்கொண்டு வருகிறவர் விஷயம் அவ்வளவு எளிதல்ல. ஏனென்றால் அவருக்கு ஓர் உண்மையான அண்ணன் இருக்கிறார்.

கொடைக்கானல் மலையில் எங்கள் பள்ளங்கியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு பக்கம் நடத்துகிறார்கள். கேரட், பீன்ஸ் காடுகளில் கொடுக்கப்படும் கூலி, தேநீர்க் கடைப் பாகுபாடு, பள்ளிக்கூடம் போக பஸ் இல்லாத ஊர்கள் என்று உள்ளூர் விஷயங்களைப் பேசும் பக்கம். ஏப்ரல் 14 அண்ணல் பிறந்தநாள் ஊர்வலத்தை ரீல்ஸாகப் போட்டார்கள். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அது வீடியோவிலும் பதிவாகியிருந்தது. இரண்டு நாளில் அந்த ரீல்ஸின் ஒலி போய்விட்டது. அடுத்த வாரமே பக்கத்துக்கு ஒரு டிஎம் வந்தது. பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அண்ணே, அன்னைக்கு வந்ததும் நெசந்தானே, அப்ப இதுவும் நெசமாத்தான் இருக்கும்?" என்று கேட்டார். அவர் இன்னும் எதையும் அழுத்தியிருக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

முதலில் வந்த உண்மை நோட்டீஸ் எந்த வீடியோ என்று சொன்னது. அதில் உள்ள பாட்டு எது, அதற்கு உரிமை கோருவது யார் என்று சொன்னது. ஒலியை அணைத்துவிட்டோம் என்று சொன்னது. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மறுக்கலாம் என்று ஒரு வழி காட்டியது. அதை அழுத்தினால் செயலிக்குள்ளேயேதான் போனது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, கெடு விதிக்கவில்லை.

பின்னால் வந்த டிஎம் `Copyright Help Center` என்ற பெயரில் வந்தது. இன்ஸ்டாகிராமின் அடையாளப் படம், கீழே மெட்டாவின் பெயர், அழகான ஆங்கிலம். உங்கள் பதிவுகளில் ஒன்று காப்புரிமையை மீறியுள்ளது என்றது. எந்தப் பதிவு என்று சொல்லவில்லை. புகார் கொடுத்தவர் யார் என்று சொல்லவில்லை. இதுவரை எதையும் நீக்கியதாகவும் சொல்லவில்லை. 24 மணி நேரத்தில் கணக்கை நீக்கப் போகிறோம் என்றது. தவறு எங்களுடையது என்று நினைத்தால் மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்புங்கள் என்று ஒரு லிங்க் கொடுத்தது.

தம்பி அந்த டிஎம் ஏப்ரல் 14 வீடியோவைப் பற்றித்தான் பேசுகிறது என்று நினைத்தார். அனுப்பியவருக்கு அந்த வீடியோவைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு ஒரே வாசகத்தை அனுப்பினால், அந்த வாரம் உண்மையிலேயே ஏதோ நோட்டீஸ் வாங்கிய பக்கங்கள் சில அதில் அகப்படும். காலியாக விட்ட இடத்தை அவர்களே தங்கள் பயத்தால் நிரப்பிக்கொள்வார்கள். எந்தப் பதிவு என்று சொல்லாமல் விட்டது கவனக்குறைவு அல்ல, எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகச் செய்தது.

இந்த ஒப்பீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் இதுதான். காப்புரிமை விஷயத்தில் உண்மையான நோட்டீஸ் பெரும்பாலும் இறந்தகாலத்தில் பேசும். இந்தப் பதிவை நீக்கிவிட்டோம், இன்னார் புகார் கொடுத்தார், புகார் எண் இது, அவருடைய மின்னஞ்சல் இது. மூன்றாவது நபர் ஒருவர் அதில் பெயரோடு இருப்பார், ஏனென்றால் காப்புரிமைப் புகார் என்பதே இருவருக்கு இடையிலான வழக்கு, நிறுவனம் நடுவில் நிற்கும் தபால்காரர். போலி எதிர்காலத்தில் பேசும். நீக்குவோம், முடக்குவோம், மணி ஓடுகிறது. அதில் நீங்களும் மிரட்டுகிறவரும் மட்டும்தான் இருப்பீர்கள், புகார்தாரர் இருக்க மாட்டார்.

கொள்கை மீறல் நோட்டீசும் இப்படித்தான். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(8) என்ற பிரிவு, பெரிய சமூக ஊடக நிறுவனம் தானாக ஒரு பதிவை அகற்றும்போது பதிவிட்டவருக்கு அதைத் தெரிவித்துக் காரணம் சொல்ல வேண்டும், மறுப்புத் தெரிவிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. காரணமே இல்லாமல் "விதிகளை மீறிவிட்டீர்கள்" என்று மட்டும் வரும் கடிதம் சட்டத்தின் கண்ணில்கூட நோட்டீஸ் ஆகாது.

ஆனால் இது முதல் சல்லடை மட்டும்தான். விதிவிலக்குகள் உண்டு. யூடியூப் சில நேரங்களில் ஏழு நாள் கழித்து நீக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்வதுண்டு, அது உண்மையான எதிர்கால நோட்டீஸ். இன்னொரு பக்கம், சாமர்த்தியமான போலி நம் பதிவு ஒன்றின் பெயரைப் பொறுக்கிச் சேர்த்துவிடலாம். அதனால் கடிதத்தைப் படித்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு, வேறு வழியில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

அந்த வழி செயலிக்குள்ளேயே இருக்கிறது. வந்த லிங்கைத் தொடாமல் இன்ஸ்டாகிராமை நீங்களே திறந்து, செட்டிங்ஸில் `Account Status` என்ற பகுதிக்குப் போங்கள். உங்கள் பதிவு எதையாவது அகற்றியிருந்தாலோ கணக்குக்கு ஆபத்து இருந்தாலோ அங்கே காட்டும். பதிவின் ஒலி அணைக்கப்பட்டிருந்தால் அந்தப் பதிவிலேயே தெரியும். அடுத்து `Accounts Centre`, அதில் `Password and security`, அதில் `Recent emails`. இன்ஸ்டாகிராம் அண்மையில் உங்களுக்கு உண்மையாக அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் அங்கே இருக்கும். பாதுகாப்பு தொடர்பானவை ஒரு பிரிவிலும் மற்றவை இன்னொரு பிரிவிலும் இருப்பதால் இரண்டையும் பாருங்கள். டிஎம்முக்கு இந்தத் தேடலே வேண்டாம். உங்கள் கணக்கைப் பற்றி இன்ஸ்டாகிராம் டிஎம் அனுப்புவதில்லை என்பதை அந்த நிறுவனமே சொல்கிறது.

அன்று தம்பியின் போனில் மலைச் சிக்னல் இழுத்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் நேரமெடுத்தது. `Account Status` திறந்தபோது டிஎம் சொன்ன அந்தப் பயங்கரத்துக்கு அங்கே எந்தத் தடயமும் இல்லை. ரீல்ஸைத் திறந்தால் பாட்டு உரிமை பற்றிய பழைய அறிவிப்பு மட்டும் இருந்தது. வேலை முடிந்தது, டிஎம்மை ரிப்போர்ட் செய்துவிட்டு நகர்ந்தோம்.

மின்னஞ்சல் வந்த முகவரியைப் பார்த்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். பார்க்க வேண்டும், அதோடு நிற்கக் கூடாது. ஜிமெயிலிலிருந்தோ சம்பந்தமில்லாத பெயரிலிருந்தோ வந்தால் அது போலி என்று உடனே தெரிந்துவிடும். `lnstagram` என்று பெரிய ஐக்குப் பதில் சின்ன எல் போட்டிருப்பதைக் கண் தவறவிடலாம். ஆனால் முகவரி சரியாக இருப்பதால் மட்டும் கடிதம் உண்மையாகிவிடாது. 2025 நவம்பரில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட செய்தியைப் பாருங்கள். மோசடிக்காரர்கள் ஃபேஸ்புக்கில் மெட்டாவின் பெயரையும் சின்னத்தையும் ஒத்த வணிகப் பக்கங்களைத் தொடங்கி, அங்கிருந்து வணிக அழைப்பு அனுப்பும் வசதியைப் பயன்படுத்தினார்கள். அந்த அழைப்புகளை ஃபேஸ்புக்கே அனுப்பியதால் அவை `facebookmail.com` என்ற உண்மையான முகவரியிலிருந்தே போய்ச் சேர்ந்தன. உறை அரசாங்க உறை, உள்ளே இருந்தது திருடனின் கடிதம்.

உறையைவிட நம்பகமானது லிங்க் போகும் இடம். அதைப் படிக்க ஒரே விதி போதும். `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டில் நிறுத்தி, அங்கிருந்து இடது பக்கமாகப் படியுங்கள். ஒரு மாதிரி தருகிறேன்:

```
https://instagram.com.appeal-form.example/copyright
```

வேகமாகப் பார்த்தால் இன்ஸ்டாகிராம் என்றுதான் தெரியும். சாய்கோட்டிலிருந்து இடதுபுறமாகப் படித்தால் முதலில் வருவது `appeal-form.example`. அதுதான் இந்த வீட்டின் உரிமையாளர். `instagram.com` என்பது அவர் தன் வாசலில் மாட்டிவைத்த பெயர்ப்பலகை மட்டுமே. உண்மையான முகவரியில் சாய்கோட்டுக்கு ஒட்டினாற்போல் `instagram.com`, `facebook.com`, `meta.com` போன்ற பெயர்தான் இருக்கும். அப்படி இருந்தாலும் லிங்க் வழியாகப் போய் பாஸ்வேர்டு போடும் பழக்கம் வேண்டாம்.

"எங்களிடம் இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறது, பாஸ்வேர்டு போனாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் தோழர்கள் 2023 டிசம்பரில் டிரஸ்ட்வேவ் நிறுவனம் விவரித்த மோசடியை அறிய வேண்டும். அதுவும் காப்புரிமை மீறல் கடிதத்தோடுதான் தொடங்கியது. படிவம் பாஸ்வேர்டை வாங்கிய பிறகு, இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டது. ஆம் என்றால், பேக்கப் கோடு ஒன்றைக் கொடுங்கள் என்றது. போன் தொலைந்துபோனால் உள்ளே நுழைவதற்காக இன்ஸ்டாகிராம் தரும் எட்டு இலக்க எண்கள் அவை. அந்த எண் கையில் இருந்தால் உங்கள் போனுக்கு வரும் ஓடிபியே தேவையில்லை. இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பூட்டு எவ்வளவு பலமானதாக இருந்தாலும் சாவியை நாமே நீட்டினால் அது என்ன செய்யும்? பாஸ்வேர்டு, ஓடிபி, பேக்கப் கோடு மூன்றையும் எந்த மேல்முறையீடும் கேட்காது.

உண்மையான மேல்முறையீடு என்ன கேட்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதிலும் நமக்கு ஒரு கவனம் தேவை. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின்படி கொடுக்கும் எதிர்நோட்டீஸில் உண்மையான பெயர், முகவரி, போன் நம்பர் கேட்பார்கள். அந்த விவரங்கள் புகார் கொடுத்தவருக்கு அனுப்பப்படும். நம் பக்கத்தைப் பிடிக்காத ஒருவர் புகார்தாரராக இருந்தால் நம் வீட்டு முகவரி அவர் கைக்குப் போகும். நோட்டீஸ் உண்மையானதே, ஆனாலும் பதில் எழுதுவதற்கு முன் யார் பெயரில் எழுதுவது என்று அமைப்பில் கலந்து பேசுங்கள், முடிந்தால் ஒரு வழக்கறிஞர் தோழரின் முகவரியைப் பயன்படுத்துவது பற்றி அவரிடமே கேளுங்கள். பள்ளங்கித் தம்பிகள் தங்கள் ரீல்ஸுக்கு மறுப்பே கொடுக்கவில்லை. பாட்டு அவர்களுடையது அல்ல என்பது உண்மைதான். பறையோசையை மட்டும் வைத்து வீடியோவை மறுபடி வெட்டிப் போட்டார்கள்.

யாராவது ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால், அவரைத் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. கணக்கு இன்னும் திறக்கிறதென்றால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், `Password and security` பகுதியில் உங்களுடையது அல்லாத போன்களை வெளியேற்றுங்கள், மின்னஞ்சலும் போன் நம்பரும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுங்கள். அதே பாஸ்வேர்டை ஜிமெயிலுக்கும் வைத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். கணக்கு கைவிட்டுப் போயிருந்தால், உங்கள் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டதாக `security@mail.instagram.com` என்ற முகவரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் வழி அதில் இருக்கும். இல்லையென்றால் உலாவியில் `instagram.com/hacked` என்று நீங்களே தட்டச்சு செய்து போங்கள். யாராவது பணம் இழந்திருந்தால் 1930க்கு உடனே அழையுங்கள், `cybercrime.gov.in` தளத்தில் புகார் பதியுங்கள். பிறருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

இவற்றோடு இன்னொன்றையும் உடனே செய்ய வேண்டும், அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இன்பாக்ஸில் நம்பி எழுதியவர்களுக்கு வேறு வழியில் தகவல் சொல்ல வேண்டும். பக்கம் திரும்பி வரும் வரை காத்திருக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு, அந்த மாணவனுக்கு, போன் செய்தாவது, நேரில் போயாவது சொல்ல வேண்டும். ஆபத்தான உரையாடல்களை இன்ஸ்டாகிராமில் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது அழிப்பது இன்னும் நல்லது.

இந்த மோசடிகள் ஏன் பலிக்கின்றன என்பதற்கு மக்களின் அறியாமை என்று பதில் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். உண்மையான நோட்டீசையும் போலி நோட்டீசையும் ஒன்றாக வைத்து மறுபடி படித்துப் பாருங்கள். உண்மையானது இயந்திரம் எழுதியது போல இருக்கும். யாரிடம் பேசுவது என்று தெரியாது, பதில் எப்போது வரும் என்று தெரியாது, பதிவு போனது போனதுதான். போலி நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும். உங்கள் தரப்பைக் கேட்கிறோம் என்று சொல்லும். 48 மணி நேரத்தில் எங்கள் குழு தொடர்புகொள்ளும் என்று வாக்குக் கொடுக்கும். நிறுவனம் தர மறுத்த காது கொடுத்துக் கேட்டலைத் திருடன் தருவதாகச் சொல்கிறான். கேட்கப்படாமலே பழகியவர்கள் அந்தக் குரலை நம்புவதில் வியப்பென்ன? எனவே கோடிக்கணக்கான இந்தியர்களை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் தங்கள் நோட்டீசைத் தமிழில், ஒரு மனிதருக்கு மனிதர் எழுதுவது போல, எந்தப் பதிவு, என்ன காரணம், யாரிடம் முறையிடலாம் என்று தெளிவாக எழுத வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

அதுவரை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிறிய ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். கணக்கைப் பற்றி என்ன செய்தி வந்தாலும், தனியாக இருக்கும்போது யாரும் எதையும் அழுத்துவதில்லை. குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து செயலிக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் முடிவு. 24 மணி நேரம் என்று மிரட்டினாலும் அதற்குள் ஒரு தோழரைக் கூப்பிட நேரம் இருக்கிறது. தோழரைக் கூப்பிட விடாமல் அவசரப்படுத்துகிற கடிதம் எதுவாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியது.